புகை அதேதான், வீடுதான் மாறிப் போச்சு

போன கார்த்திகையில என் மக தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தா. பேத்தி பொறந்தா. ஆஸ்பத்திரியில இருந்து அழைச்சிட்டு வந்த நாள்ல இருந்து எங்க வீட்டுல ஒரு ரூமு அவளுக்குன்னு ஆயிடுச்சு. பத்துக்குப் பத்து ரூமு. ரெண்டு ஜன்னல். ஒண்ணு திண்ணையைப் பார்த்து, இன்னொண்ணு மாட்டுக் கொட்டகையைப் பார்த்து. விழுப்புரம் பக்கம் கார்த்திகைன்னா மழை, வாடைக்காத்து. குழந்தைக்குக் குளிர் ஆகாதுன்னு ரெண்டு ஜன்னலையும் சாத்தியே வெச்சிருந்தோம்.

இருபத்தி மூணாவது நாள் ராத்திரி குழந்தைக்கு மூக்கு அடைச்சுக்கிச்சு. பால் குடிக்க வாய் வைக்கும், ரெண்டு இழுப்பு இழுக்கும், மூச்சு முட்டி விட்டுட்டு அழும். பச்சக் குழந்தைங்க பெரும்பாலும் மூக்கு வழியாத்தான் மூச்சு விடும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். மூக்கு அடைச்சா அதுக்குப் பசியும் போச்சு, தூக்கமும் போச்சு. காலையில தூக்கிட்டு ஓடினோம்.

குழந்தை டாக்டர் அம்மா நெஞ்சுல குழாய் வெச்சுக் கேட்டுட்டு, "பயப்பட ஒண்ணும் இல்ல. வீட்டுல என்னென்ன புகை போடுவீங்க?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணும் இல்லீங்க, கேஸ் அடுப்புதான்"னேன். என் மக என்னை ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் அவளே சொன்னா. "ராத்திரி கொசுவத்தி. காலையில குளிப்பாட்டினதும் சாம்பிராணி. வெந்நீர் விறகு அடுப்புல. சாயந்திரம் சாமிக்கு ஊதுவத்தி. மாட்டுக்கு மூட்டம். அப்புறம் அப்பா திண்ணையில பீடி பிடிப்பாரு."

ஆறு புகை. நான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னது பொய் இல்ல. அதுல எதையுமே நான் புகைன்னு நினைச்சதில்ல. சாம்பிராணி மருந்து, ஊதுவத்தி பக்தி, கொசுவத்தி பாதுகாப்பு. பீடி மட்டும்தான் கெட்டது, அதையும் நான் ரூமுக்கு வெளியிலதான் பிடிக்கிறேன். மனசு இப்படித்தான் கணக்குப் போட்டு வெச்சிருந்தது. குழந்தையோட நுரையீரலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதுக்கு எல்லாம் ஒரே புகை, ஒரே ரூமுல.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் எங்க அம்மாவுக்குக் கோபம். "உங்க நாலு பேரையும் இந்தப் புகையிலதான்டா வளர்த்தேன்"னாங்க. வளர்ந்தது மூணு பேரு. எனக்கு முன்னால பொறந்த அண்ணன் எட்டு மாசத்துல "இழுப்பு வந்து" போயிட்டான்னு அம்மாவே சொல்லியிருக்காங்க. அது புகையாலதான்னு நான் சொல்ல மாட்டேன். என்ன வியாதின்னு அப்பவே யாருக்கும் தெரியாது. ஆனா "எல்லாரும் வளர்ந்தோம்"ங்கிற பேச்சை வளர்ந்தவங்கதான் பேச முடியும்.

அம்மா சொன்னதுல ஒரு நியாயமும் இருந்தது. அதை ரெண்டு மூணு நாள் யோசிச்சேன். நாங்க வளர்ந்தது நாட்டு ஓட்டு வீடு. ஓட்டுக்கு ஓடு நடுவுல சந்து, சுவத்துக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு முழம் இடைவெளி, நடுவுல வாசல். சாம்பிராணி போட்டா புகை மேல ஏறி ஓட்டுச் சந்து வழியாப் போயிடும். மழைநாள்ல காலையில பார்த்தா ஓட்டு மேல இருந்து ஆவி பறக்கிற மாதிரி இருக்கும். அப்பவும் அடுப்பங்கரை கரி பிடிச்சுத்தான் கெடந்தது, அம்மாவுக்குக் கண்ணு எரிச்சல் இன்னிக்கும் இருக்கு. அதனால அந்தக் காலம் நல்ல காலம்னு நான் சொல்லல. ஆனா புகைக்குப் போக வழி இருந்தது. இப்ப நான் கட்டியிருக்கறது கான்கிரீட் வீடு. மேல மூடி, பக்கம் மூடி, ஜன்னலைச் சாத்தினா ஒரு தூக்குச் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. வீட்டை மாத்தின நாம புகைப் பழக்கத்தை மாத்தல. நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான்.

ஊர்ல இருக்கறவங்க கதைன்னு நீங்க நினைக்க வேணாம். உங்க பிளாட்டு எங்க வீட்டை விட இறுக்கம். ராத்திரி ஏசி போட்டு கதவைச் சாத்திடறீங்க. சுவத்துல மாட்டற ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வர்றதில்ல, ரூமுல இருக்கற காத்தையே சுத்திச் சுத்திக் குளுர வைக்குது. சாயந்திரம் அந்த ரூமுல ஒரு ஊதுவத்தி ஏத்தியிருந்தா அதுவும் சேர்ந்துதான் குளுரும்.

இனி ஒவ்வொண்ணையும் நாங்க எப்படி மாத்தினோம்னு சொல்றேன். டாக்டர் அம்மா சொன்ன வரிசை இது: முதல்ல புகையை வீட்டை விட்டு வெளிய எடு. எடுக்க முடியாததைக் குழந்தை இல்லாத இடத்துக்கு மாத்து. அதுவும் முடியலன்னா காத்துக்கு வழி விடு. இதைத் தலைகீழாச் செய்யக் கூடாது. ஜன்னலைத் திறந்து வெச்சுட்டோமேன்னு குழந்தை தலைமாட்டுல கொசுவத்தி வெச்சா பிரயோசனம் இல்ல.

கொசுவத்தி

ராத்திரி முழுக்க, அதுவும் குழந்தைக்குப் பக்கத்துலயே எரியறது இதுதான். அதனால முதல்ல இதைத்தான் எடுத்தோம். ஒரு சுருள் ஏறக்குறைய எட்டு மணி நேரம் எரியும். அதுல கொசுவை விரட்டற மருந்து நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது. மீதியெல்லாம் மரத்தூள், தேங்காச் சிரட்டைத் தூள், பசை. அதாவது மருந்தைக் காத்துல கொண்டு வர்றதுக்காக நாம ராத்திரி முழுக்க மரத்தூளைப் புகைய விடறோம். 2003-ல வெளியான ஒரு ஆராய்ச்சியில சீனா, மலேசியா சுருள்களை எரிச்சுப் பார்த்திருக்காங்க. ஒரு சுருள்ல இருந்து வர்ற நுண்துகள் 75-ல இருந்து 137 சிகரெட் எரிஞ்சா வர்ற அளவு இருந்துதாம். ஒரு சுருள் கொளுத்தினா குழந்தை அத்தனை சிகரெட் பிடிச்சதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ரூமுக்குள்ள அவ்வளவு தூசு கலக்குதுன்னு அர்த்தம். அதுவே போதும் எனக்கு.

"புகை இல்லாத சுருள் இருக்கே"ன்னு மாப்பிள்ளை கேட்டார். அதுல கரித்தூள் சேர்க்கறாங்க, கண்ணுக்குத் தெரியற புகை குறையும். ஆனா கரி கனிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பிளக்குல சொருகற திரவ மருந்துல புகை இல்லைங்கறது நிஜம். ஆனாலும் மூடின ரூமுல அந்த மருந்தைத்தான் ராத்திரி முழுக்க குழந்தை சுவாசிக்கும்.

நாங்க செஞ்சது கொசுவலை. கட்டிலுக்கு நாலு மூலை வலை, ஐநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சது. ஆனா வலை வாங்கினா மட்டும் போதாது, முதல் ரெண்டு ராத்திரி எங்களுக்கும் தோல்விதான். உள்ள மூணு கொசு. அப்புறம்தான் பழகினோம். சாயந்திரம் அஞ்சு மணிக்கே, கொசு வர்றதுக்கு முன்னாலயே வலையை இறக்கி நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில சொருகணும். இருட்டின பிறகு இறக்கினா கொசுவையும் சேர்த்துத்தான் மூடறோம். குழந்தையோட கையோ காலோ வலையில ஒட்டக் கூடாது, வெளியில உக்காந்தே கொசு குத்திடும். வாரம் ஒரு தடவை வெளிச்சத்துக்கு எதிர பிடிச்சு ஓட்டை பார்த்து ஊசி நூல் போடணும். டெங்குக் கொசு பகல்ல கடிக்கும், அதனால குழந்தை பகல்ல தூங்கும்போதும் குடை மாதிரி இருக்கற சின்ன வலை வேணும்.

ரெண்டு ஜன்னலுக்கும் நைலான் வலை ஒட்டினோம். அதனால ஜன்னலைத் திறந்து வைக்க முடிஞ்சது. இதுல ஒரே செலவுல ரெண்டு காரியம்: கொசு உள்ள வராது, காத்து உள்ள வரும். ஃபேனை மெதுவா ஓட விட்டா கொசுவால ஒழுங்காப் பறக்க முடியாது. பின்னால இருக்கற தண்ணித் தொட்டி, டிரம், மாட்டுக்குத் தண்ணி வைக்கற தாழி எல்லாத்தையும் வாரம் ஒருநாள் கவுத்துத் தேய்ச்சோம். கொசு முட்டையில இருந்து பறக்கற நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வாரம் ஒருநாள் கவுத்தா அந்தக் கணக்கை உடைச்சிடலாம்.

சாம்பிராணி

இதுதான் வீட்டுல பெரிய சண்டை. குளிப்பாட்டின குழந்தையைத் துணியில சுத்தி, தலையைத் தூபக்கால் மேல காட்டறது. எதுக்காகன்னு அம்மாவைக் கேட்டேன். "தலையில ஈரம் நிக்கக் கூடாது, சளி பிடிக்கும்"னாங்க. ஆக வேண்டியது ஈரம் போறதுதான். அதுக்குப் புகை வேணுமா? பழைய வேட்டித் துணி நல்லா ஈரத்தை இழுக்கும். அதுல ஒத்தி எடுத்து, காயற வரைக்கும் இன்னொரு உலர்ந்த துணியில தலையைச் சுத்தி மடியில வெச்சுக்கிட்டா போதும். மழைநாள்ல தினம் தலைக்கு ஊத்தாம உடம்பை மட்டும் துடைச்சு விட்டோம்.

புகை காட்டும்போது குழந்தை முகம் புகைக்கு ஒரு முழ தூரத்துல இருக்கு. நாம நிமிஷத்துக்குப் பதினஞ்சு தடவை மூச்சு விட்டா அது நாப்பது தடவைக்கு மேல விடும். உடம்பு எடைக்கு நம்மளை விட அதிகமாக் காத்தை இழுக்குது. தூபக்கால்ல இருக்கற கங்குல இருந்து அந்தக் கார்பன் மோனாக்சைடும் வரும். எங்க ஊர்ல சில வீட்டுல மழைக்காலத்துல பிள்ளை பெத்தவ கட்டிலுக்குக் கீழ கங்குச் சட்டி வைக்கற பழக்கம் உண்டு. மூடின கான்கிரீட் ரூமுல அது உயிருக்கே ஆபத்து. அதை ஒருநாளும் செய்ய வேணாம். கடையில விக்கற கப் சாம்பிராணியும் அதே கதைதான், கரியும் மரத்தூளும் சேர்ந்த கப்புதான் எரியுது.

அம்மா மனசு நோகாம ஒரு வழி பண்ணினோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு. அன்னிக்குக் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவா என் மனைவி. கூடத்துல, வாசக்கதவு பின்கதவு ரெண்டும் திறந்து வெச்சு, அம்மா புகை போடுவாங்க. தூபக்காலை வெளியில கொண்டு போய்க் கங்கை அணைச்சுட்டு, வாசனை அடங்கின பிறகுதான் குழந்தை உள்ள வரும். ஊதுவத்திக்குப் பதில் சாமிக்குப் பூவும் விளக்கும். சாமி கோவிச்சுக்கல.

வெந்நீர் அடுப்பும் மூட்டமும்

சமையல் கேஸ்லதான். ஆனா சிலிண்டர் சீக்கிரம் தீருதேன்னு குளிக்கற வெந்நீர் மட்டும் விறகுல வைப்போம். அடுப்பு பின்வாசப்படிக்குப் பக்கத்துல. புகை படியேறி நேரா ரூமுக்கு வரும். குழந்தைக்கும் அதைப் பெத்தவளுக்கும் வேண்டிய தண்ணியைக் கேஸ்லயே வெச்சுக்கிட்டோம். மத்தவங்க வெந்நீருக்கு அடுப்பை வேலிப்பக்கம், வீட்டுல இருந்து முப்பது அடி தள்ளி மாத்தினேன்.

விறகு பத்தி ஒரு விஷயம். பத்த வைக்கறப்பவும் கனன்று அணையறப்பவும்தான் புகை அதிகம். வேலிக்காத்தான், சவுக்கு மிளாறு எதுவானாலும் ரெண்டு கட்டையைத் தட்டிப் பார்க்கணும். டங்குன்னு சத்தம் வந்தா காஞ்சது, மொத்துன்னு கேட்டா ஈரம். எரியும்போது நுனியில நுரை கட்டி உஸ்ஸுன்னா அது பச்சை. பச்சை விறகு தன் தண்ணியைக் காய்ச்சிட்டுத்தான் உங்க தண்ணியைக் காய்ச்சும், அதுவரைக்கும் புகைதான். வேலை முடிஞ்சதும் கட்டையை இழுத்துத் தண்ணி தெளிச்சு அணைக்கணும், சும்மா புகைய விடக் கூடாது. குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு அடுப்பு ஊதவே கூடாது.

மாட்டுக்குப் போடற மூட்டத்தை நிறுத்த முடியல, ஈயும் கொசுவும் மாட்டைப் பிச்சுத் தின்னுடும். வேப்பிலைதானே, இயற்கைதானேன்னு சமாதானம் சொல்லிக்கிட்டிருந்தேன். இயற்கைப் புகையும் புகைதான். நெல் தூத்தறப்போ ஒரு பிடி பதரை விட்டுக் காத்து எந்தப் பக்கம்னு பார்ப்போம் இல்லையா, அதே மாதிரி பார்த்தேன். கார்த்திகை, மார்கழியில வடகிழக்குக் காத்து கொட்டகையில இருந்து ஜன்னலுக்கு நேரா வருது. மூட்டம் போடற இடத்தை வீட்டுக்குத் தென்மேற்குப் பக்கம் மாத்தி, மாட்டையும் சாயந்திரம் அங்கேயே கட்டினேன். பங்குனிக்கு மேல காத்து திரும்பும், அப்ப இடமும் திரும்பணும்.

பீடி

இதைக் கடைசியா எழுதறேன், ஏன்னா இது என்னோடது. திண்ணையில பிடிச்சா வெளியிலதான்னு நினைச்சேன். திண்ணைக்கு மேலதான் ஜன்னல். டாக்டர் அம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு: "புகையிலைப் புகை இருக்கற வீட்டுல, காரணமே தெரியாம தூக்கத்துல குழந்தை இறந்து போற ஆபத்து அதிகம் ஐயா." அன்னிக்கு நான் வீட்டுக்கு நடந்துதான் வந்தேன், பஸ்ல வரல.

இப்ப வீட்டுப் பக்கம் பிடிக்கறதே இல்ல. பிடிச்சா மோட்டார் கொட்டகையில. அங்கேயே கை, முகம், வாய் கழுவி, துண்டையும் சட்டையையும் மாத்திட்டுத்தான் குழந்தையைத் தொடறது, ஏன்னா புகை துணியிலயும் முடியிலயும் ஒட்டிக்கிட்டு வரும். அப்படித் துணி மாத்தினாலும் அது முழுப் பாதுகாப்பு இல்ல, விடறதுதான் பாதுகாப்பு. ஒரு நாளைக்குப் பத்து இருந்தது, இப்ப ரெண்டு. பாதி விட்டவன் சொல்ற புத்திமதிதான் இது. அரசாங்கத்தோட இலவச உதவி எண் 1800-112-356. நான் கூப்பிட்டேன், பொறுமையாப் பேசறாங்க.

இதால என்ன ஆச்சு?

பேத்திக்கு ஒரு வாரத்துல மூக்கு சரியாச்சு. புகையை நிறுத்தினதாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், சளி தானாவும் ஒரு வாரத்துல போகும். இன்னொண்ணையும் நேர்மையாச் சொல்லணும். எங்க விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டத்துலயும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகள்லயும் சேர்த்து 3200 கர்ப்பிணிப் பொண்ணுங்களை வெச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். அவங்க சுவாசிச்ச நுண்துகள் ஏறக்குறைய மூணுல ஒரு பங்காக் குறைஞ்சது. ஆனா குழந்தையோட பிறப்பு எடையிலயும், முதல் வருஷத்துல வர்ற கடுமையான நிமோனியாவுலயும் பெரிய வித்தியாசம் தெரியல. 2022-லயும் 2024-லயும் முடிவு வெளியாச்சு.

அதனால புகை நல்லதுன்னு யாரும் சொல்லல. அடுப்பை மட்டும் மாத்திட்டா எல்லாம் தீர்ந்துடும்னு நினைக்க முடியாதுன்னுதான் நான் புரிஞ்சுக்கிட்டேன். அடுப்பு மாறின எங்க வீட்டுல இன்னும் ஆறு புகை இருந்ததே. குழந்தை இருக்கற ரூமைத்தான் முழுசாப் பார்க்கணும்.

எப்படிக் கண்டுபிடிக்கறது? நாள் முழுக்க வீட்டுக்குள்ள இருக்கற மூக்குக்கு வாசனை பழகிடும். கால் மணி நேரம் வெளியில போய் நின்னுட்டு ரூமுக்குள்ள வந்து முதல் மூச்சை இழுங்க. குழந்தையோட உச்சந்தலையை மோந்து பாருங்க. பால் வாசனை வரணும். சாம்பிராணியோ பீடியோ வந்தா, குழந்தை அதைத்தான் சுவாசிச்சுக்கிட்டு இருக்கு.

மூச்சு எண்ணவும் தெரிஞ்சுக்கங்க. குழந்தை அழாம அமைதியா இருக்கும்போது வயிறு ஏறி இறங்கறதை ஒரு முழு நிமிஷம் எண்ணணும். ரெண்டு மாசத்துக்குள்ளன்னா 60 அல்லது அதுக்கு மேல, ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் 50 அல்லது அதுக்கு மேல இருந்தா உடனே ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ உள்ள குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியலன்னாலும் எண்ணிக்கிட்டு உக்கார வேணாம், கிளம்பிடுங்க.

பொங்கலுக்கு ஊருக்குக் கைக்குழந்தையோட வர்றவங்க ஒரு வாரம் முன்னாலயே போன் பண்ணி "அம்மா, ரூமுல கொசுவத்தி வேணாம், வலை கொண்டு வர்றோம்"னு சொல்லிடுங்க. வந்த பிறகு சொன்னா சண்டையாகும், முன்னாலயே சொன்னா ஏற்பாடாகும். எங்க அம்மா இப்ப தெருவுல பிள்ளை பெத்த வீட்டுக்கெல்லாம் போய், வலையை எந்த நேரத்துல இறக்கணும்னு சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்காங்க. சாம்பிராணி பத்தி மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க.